அட்டையில் தெரியும் இரண்டாவது கோடு

வீட்டில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை ஒரே ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்கிறது: இந்தச் சிறுநீரில் எச்.சி.ஜி. என்ற ஹார்மோன், அட்டையால் கண்டுபிடிக்கக்கூடிய அளவுக்கு இருக்கிறதா? கரு எங்கே தங்கியிருக்கிறது, நன்றாக வளர்கிறதா, எத்தனை வாரம் ஆகிறது என்பதெல்லாம் அந்த அட்டைக்குத் தெரியாது. வெளிறிய கோடு பற்றிய குழப்பமும், 'நேற்று இல்லை என்றது, இன்று இருக்கிறது என்கிறது' என்ற திகைப்பும் பெரும்பாலும் இதை மறப்பதால் வருபவை.

கரு உருவான உடனே இந்த ஹார்மோன் தாயின் ரத்தத்துக்கு வந்துவிடுவதில்லை. சினைப்பையிலிருந்து வெளிவந்த முட்டை கருக்குழாயில் விந்தணுவோடு சேர்கிறது. சேர்ந்த கரு மெல்ல நகர்ந்து கருப்பைக்கு வந்து, அதன் உள்சுவரில் பதிய வேண்டும். முட்டை வெளியானதிலிருந்து 6 முதல் 12 நாட்களுக்குள் இது நடக்கும்; பெரும்பாலானோருக்கு 8, 9, 10 ஆகிய நாட்களில் ஒன்றில். பதிந்த பிறகுதான் கருவைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் எச்.சி.ஜி. தாயின் ரத்தத்தில் கலந்து, அங்கிருந்து சிறுநீருக்கு வருகிறது. அதற்கு முன் எவ்வளவு விலை உயர்ந்த அட்டையில் சோதித்தாலும் ஒற்றைக் கோடுதான் வரும்.

நம் ஊர் மருந்துக்கடைகளில் அதிகம் விற்பது சிறு பிளாஸ்டிக் அட்டை. கூடவே ஒரு சொட்டுக்குழாயும் உறைக்குள் ஈரம் சேராதபடி காக்கும் சிறு பொட்டலமும் இருக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைத்துவிடும். 'நிஸ்சய்' என்ற பெயரில் அரசு வழங்கும் அட்டை துணை சுகாதார நிலையங்கள் வழியாக இலவசமாகவே தரப்படுகிறது. இரண்டும் வேலை செய்யும் விதம் ஒன்றே. 'எஸ்' என்று குறித்த குழியில் மூன்று சொட்டுச் சிறுநீர் விட்டால், அது உள்ளே உள்ள காகிதப் பட்டையில் ஊறி நகரும். போகிற வழியில், எச்.சி.ஜி.யைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி பூசிய நுண்ணிய வண்ணத் துகள்களையும் இழுத்துச் செல்லும். பெரும்பாலும் இவை தங்கத் துகள்கள். அந்த அளவுக்குப் பொடியான தங்கம் இளஞ்சிவப்பாகத் தெரியும். 'டி' என்ற இடத்தில் இன்னொரு ஆன்டிபாடி காகிதத்தோடு ஒட்டிக் காத்திருக்கும். ஹார்மோனைச் சுமந்து வரும் துகள்கள் மட்டும் அங்கே சிக்கிக்கொள்ளும். சிக்கிய துகள்கள் வரிசையாகச் சேர்ந்ததுதான் அந்த இரண்டாவது கோடு.

சிக்காமல் தாண்டிப் போகும் துகள்கள் 'சி' என்ற இடத்தில் நின்று முதல் கோட்டை உண்டாக்குகின்றன. ஹார்மோன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கோடு வந்தாக வேண்டும். சிறுநீர் முழுப் பட்டையிலும் ஓடியது, உள்ளிருக்கும் ரசாயனம் கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 'சி' கோடு வராமல் 'டி' கோடு மட்டும் வந்தாலும் சரி, இரண்டுமே வராவிட்டாலும் சரி, அந்த அட்டை செல்லாது. காலாவதித் தேதி பார்த்து வேறொன்று வாங்கி மீண்டும் செய்வதே வழி.

இந்த எளிமை சமீபத்தியது. 1970கள் வரைகூட முடிவு தெரிய மருத்துவரையும் ஆய்வகத்தையும்தான் நம்பியிருக்க வேண்டும். அதற்கும் முந்தைய தலைமுறைகளில் பெண்ணின் சிறுநீரை எலிக்கோ தவளைக்கோ ஊசியாகச் செலுத்திப் பார்த்தார்கள். எச்.சி.ஜி.யை அதைப்போன்ற மற்ற ஹார்மோன்களிலிருந்து துல்லியமாகப் பிரித்தறியும் ரத்தப் பரிசோதனையை அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைட்டிஸும் சகாக்களும் வெளியிட்டது 1972இல். சர்க்கரை, உப்பு, பற்பசை ஆகியவற்றில் சிறுநீரைக் கலந்து நுரை வருகிறதா என்று பார்க்கும் 'வீட்டு வைத்தியச் சோதனை'கள் இன்றும் காணொளிகளில் உலவுகின்றன. அவற்றில் எதுவும் எச்.சி.ஜி.யோடு தொடர்புடையதல்ல, நுரைப்பது சிறுநீரின் அமிலத்தன்மையைப் பொறுத்தது.

சோதிக்கச் சிறந்த நாள் எது என்ற கேள்விக்குப் பொதுவான பதில், மாதவிலக்கு வரவேண்டிய நாள் தாண்டிய பிறகு என்பது. பொறுக்க முடிந்தால் அதிலிருந்து ஒரு வாரம் கழித்துச் சோதிப்பது இன்னும் நம்பகமானது. ஆனால் வரவேண்டிய நாள் எது என்பதிலேயே பலருக்குக் கணக்குத் தவறுகிறது. முட்டை வெளியான பிறகு மாதவிலக்கு வர ஏறக்குறைய 14 நாட்கள் ஆகும். இந்தப் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை. மாறுவது முன்பாதி. மனஅழுத்தம், காய்ச்சல், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி என்று ஏதோ ஒரு காரணத்தால் முட்டை ஒரு வாரம் தாமதமாக வெளியானால், மாதவிலக்கும் ஒரு வாரம் தள்ளிப்போகும். அந்த மாதம் கரு தரித்திருந்தால், பதிவதும் அதே ஒரு வாரம் தள்ளித்தான் நடக்கும்.

சுழற்சி ஒரு மாதம் 28 நாள், இன்னொரு மாதம் 35 நாள் என்று மாறி மாறி வரும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளலாம். கடைசி மாதவிலக்கு மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது. அவர் கணக்கில் மார்ச் 29 அடுத்த தேதி. வரவில்லை என்றதும் மார்ச் 30 காலை அட்டையில் சோதிக்கிறார், ஒற்றைக் கோடு. உண்மையில் அந்த மாதம் அவருக்கு முட்டை வெளியானது மார்ச் 22இல். கரு பதியப்போவது மார்ச் 31இல். அதாவது அவர் சோதித்த அன்று ஹார்மோன் சுரக்கவே தொடங்கவில்லை. அட்டை பொய் சொல்லவில்லை. கேள்விதான் ஒரு வாரம் முன்கூட்டிக் கேட்கப்பட்டது.

அதன் பிறகு நடப்பதையும் தோராயமாகக் கணக்கிடலாம். கடைகளில் கிடைக்கும் பல அட்டைகள், ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் எச்.சி.ஜி. 25 அலகு இருந்தால் கோடு காட்டும்படி செய்யப்பட்டவை. ஆய்வக அறிக்கையில் வருவதும் இதே அலகுதான். ஆரம்ப வாரங்களில் இந்த ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. இந்தப் பெண்ணுக்கு ஏப்ரல் 2இல் 5 அலகு என்று வைத்தால், 4இல் 10, 6இல் 20, 8இல் 40, 10இல் 80. ஏப்ரல் 6 காலை சோதித்தால் இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைக்கும் கோடு வரலாம். 10ஆம் தேதி யாரும் சந்தேகப்படாத கோடு வரும். மார்ச் 30இலேயே 'இல்லை' என்று முடிவு கட்டி, உடல்வலிக்குக் கைக்குக் கிடைத்த மாத்திரையை விழுங்கியிருந்தால் அதுதான் தவறு.

எனவே சுழற்சி ஒழுங்கற்றவர்கள், சமீப மாதங்களில் எது மிக நீளமான சுழற்சியோ அதைக் கொண்டு தேதி கணக்கிடுவது நல்லது. அதுவும் தெரியாவிட்டால், கடைசியாகப் பாதுகாப்பின்றி உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்துச் சோதிக்கலாம். முதல் சோதனையில் இல்லை என்று வந்து மாதவிலக்கும் வராவிட்டால், மூன்று நாள் விட்டு ஒருமுறை, பிறகு ஒரு வாரம் விட்டு ஒருமுறை. காலை எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீர் நல்லது என்பதற்குக் காரணம் இரவு முழுக்கச் சேர்ந்து அது அடர்த்தியாக இருப்பதே. நாள் தள்ளி ஒரு வாரம் ஆகிவிட்டால் எந்த வேளையும் ஒன்றுதான். ஆனால் சிறுநீர் வரவேண்டும் என்பதற்காக ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டுச் சோதித்தால், ஹார்மோனும் நீர்த்துப்போகும்.

வெளிறிய கோட்டைப் படிக்கும்போது கடிகாரம் பக்கத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான அட்டைகளை 5 நிமிடத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். சரியான நேரம் அந்தந்த அட்டையின் தாளில் அச்சிட்டிருக்கும். அந்த நேரத்துக்குள், 'டி' இருக்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை முழுதாக, 'சி' கோட்டின் அதே நிறத்தில் கோடு தெரிந்தால், அது எவ்வளவு வெளிறியிருந்தாலும் எச்.சி.ஜி. இருக்கிறது என்றே பொருள். 'பாதி கர்ப்பம்' என்று ஒன்று இல்லை. நாள் குறைவு, அல்லது சிறுநீர் நீர்த்திருந்தது, அவ்வளவுதான். 'சி' அளவுக்கு 'டி' கருமையாக இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் கிடையாது.

சந்தேகத்துக்குரியது வேறொரு கோடு. குப்பையில் போட்ட அட்டையை அரைமணி கழித்து எடுத்துப் பார்த்தால் முன்பு இல்லாத மெல்லிய தடம் ஒன்று தெரியும். சிறுநீர் காய்ந்தபின், ஆன்டிபாடி பூசிய இடம் சற்று வேறாகத் தெரிவதால் வருவது அது. நிறம் இருக்காது, சாம்பல் பூத்தாற்போல இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் புலப்படும். அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. கைபேசியில் படமெடுத்து நிறத்தை மாற்றிப் பார்ப்பதும் இந்தத் தடத்தைப் பெரிதாக்கிக் காட்டுமே தவிர உண்மையைக் கூட்டாது. இரண்டு நாள் கழித்துப் புதிய அட்டையில் சோதிப்பது ஒன்றே நியாயமான வழி.

தினமும் ஒரு அட்டையில் சோதித்து, கோடு கருமையாகிறதா என்று வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர்கள் உண்டு. இது வீண் கவலை. கோட்டின் கருமை அட்டைக்கு அட்டை மாறும். நேற்று குடித்த தண்ணீரைப் பொறுத்தும் மாறும். அளவு தெரிய வேண்டுமென்றால் ரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. பார்ப்பதே முறை.

இரண்டு கோடு வந்து, சில நாளில் மாதவிலக்கு போலவே உதிரம் போய், மறுபடி சோதித்தால் ஒற்றைக் கோடாகிவிடுவதும் நடக்கும். கரு பதியத் தொடங்கி, தொடராமல் நின்றுவிட்ட நிலை இது. ஆங்கில மருத்துவத்தில் கெமிக்கல் பிரக்னன்சி என்பார்கள். பதியும் கருக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இப்படிக் கழிகிறது. அந்தக் காலத்தில் இரண்டு நாள் தள்ளிப் போய்க் கொஞ்சம் அதிகமாகப் பட்டது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். இன்று முன்கூட்டிச் சோதிப்பதால் அது ஒரு இழப்பாகத் தெரிய வருகிறது. பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறே காரணம். படி ஏறியதோ பப்பாளி தின்றதோ அல்ல.

உண்மையான கோடு, ஆனால் புதிய கர்ப்பம் இல்லை என்ற நிலைகளும் சில உண்டு. குழந்தையின்மைச் சிகிச்சையில் முட்டை வெளியாவதற்காகப் போடும் ஊசி பல நேரம் எச்.சி.ஜி.யே, 10 முதல் 14 நாள் வரை அது சிறுநீரில் தெரியலாம். சமீபத்தில் கருச்சிதைவோ பிரசவமோ ஆனவர்களுக்குப் பழைய ஹார்மோன் வடியச் சில வாரம் ஆகும். கருத்தடை மாத்திரை, சாதாரண ஆன்டிபயாடிக் இவற்றால் முடிவு மாறாது. இதற்கு நேர் எதிரான விந்தையும் உண்டு. இரண்டு, மூன்று மாதமானவர்களிடமும், முத்துப்பிள்ளைக் கர்ப்பம் உள்ளவர்களிடமும் ஹார்மோன் அளவுக்கு மீறிப் பெருகி, இரண்டு ஆன்டிபாடிகளையும் தனித்தனியே நிரப்பிவிடும். துகள்கள் 'டி' இடத்தில் சிக்காமல் போய், கோடு மங்கலாகவோ இல்லாமலோ வரும். மூன்று மாதமாக மாதவிலக்கு இல்லை, வாந்தி இருக்கிறது, அட்டை மட்டும் இல்லை என்கிறது என்றால் அட்டையை நம்பாமல் ஸ்கேனுக்குப் போக வேண்டும்.

முதல் முறை இரண்டு கோடு தெரிந்ததும் செய்யவேண்டியவற்றில் முதலாவது, கடைசி மாதவிலக்கின் முதல் நாளை எழுதிவைப்பது. எந்த மருத்துவமனையிலும் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான். அதனோடு 9 மாதமும் 7 நாளும் கூட்டினால் பிரசவத் தேதி: மார்ச் 1 என்றால் டிசம்பர் 8. மேலே சொன்ன பெண்ணுக்கு முட்டை ஒரு வாரம் தாமதம் என்பதால் உண்மைத் தேதி டிசம்பர் 15ஐ ஒட்டி இருக்கும்.

அவசரப்பட்டு அன்றே ஸ்கேன் எடுப்பதால் பயன் குறைவு. நாள் தள்ளிய வாரத்தில் கருப்பையில் எதுவும் தெரியாது. 'ஒன்றுமில்லை' என்ற அறிக்கையோடு பயந்து திரும்ப வேண்டியிருக்கும். ஆறு, ஏழு வாரத்தில் எடுத்தால் கருப்பை, உள்ளே கருப்பையைச் சேர்ந்த கர்ப்பப் பை, கரு, இதயத் துடிப்பு ஆகியவை தெரியும். அதே பெண் ஏப்ரல் 19இல் ஸ்கேன் எடுத்தால் மாதவிலக்குக் கணக்கில் 7 வாரம்; கருவின் அளவு 6 வாரம் காட்டும். வளர்ச்சி குறைவு என்று பதறத் தேவையில்லை. முந்தைய சுழற்சிகள் எத்தனை நாள் என்று மருத்துவரிடம் சொன்னால் தேதி திருத்தப்படும். ஐயம் இருந்தால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து மறு ஸ்கேன்.

காத்திருக்கக் கூடாத நிலை ஒன்று உண்டு. கரு கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கிவிட்டாலும் அட்டையில் இரண்டு கோடு வரும். கரு வளர வளரக் குழாய் வெடித்து, வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும், உயிருக்கே ஆபத்து. அடிவயிற்றில் ஒரு பக்கமாக விடாத வலி, உதிரம் படுதல், தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை நுனியில் காரணமில்லாத வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடுராத்திரி என்றாலும் 108ஐ அழைக்கலாம். முன்பு கருக்குழாய்க் கர்ப்பம் ஆனவர்கள், குழாயில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், காப்பர்-டி இருக்கும்போதே கரு தரித்தவர்கள், வலி இல்லாவிட்டாலும் இரண்டு கோடு தெரிந்த உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் பீட்டா எச்.சி.ஜி.யை 48 மணி நேர இடைவெளியில் இருமுறை பார்ப்பார்கள். முதல் அளவு 1,500க்குக் கீழே என்றால், இரண்டாவது குறைந்தது ஏறக்குறைய பாதி அளவாவது கூடியிருக்க வேண்டும். அதைவிட மெதுவாக ஏறினாலோ இறங்கினாலோ கரு சரியான இடத்தில் இல்லை அல்லது தொடரவில்லை என்ற சந்தேகம் வலுக்கும்.

வலி எதுவும் இல்லாதவர்கள் அன்றைக்கே தொடங்க வேண்டியது ஃபோலிக் அமிலம், நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம். குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக் குழாய், கரு தரித்த நான்கு வாரத்துக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளியது தெரியும்போதே அதில் பாதி காலம் கடந்திருக்கும். முந்தைய குழந்தைக்கு அந்தக் குறை இருந்தவர்கள், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் 5 மில்லிகிராம் தரக்கூடும்.

ஏற்கெனவே எடுக்கும் மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயின் கருவுக்குக் கேடு. அதை அன்றே நிறுத்த வேண்டும். ரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றையும் வலிப்புக்கான வால்புரோயேட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் வலிப்பு மருந்தைத் தானாக நிறுத்தினால் வலிப்பே வந்து தாயையும் கருவையும் பாதிக்கும்; மாற்றுவது மருத்துவர் வேலை. தைராய்டு மாத்திரையை நிறுத்தவே கூடாது, அதன் அளவைப் பெரும்பாலும் கூட்டத்தான் வேண்டியிருக்கும். தலைவலி, காய்ச்சலுக்கு ஐபூப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் போதும்.

கர்ப்பத்தைத் தொடர விருப்பம் இல்லாதவர்களும் முதலில் மருத்துவரிடம்தான் போக வேண்டும். இந்தியச் சட்டத்தில் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் ஒப்புதலோடும், சில பிரிவினருக்கு 24 வாரம் வரையும் கருக்கலைப்புக்கு இடமுண்டு. கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை கருக்குழாயில் உள்ள கருவைக் கலைக்காது. உதிரம் போனதும் எல்லாம் முடிந்தது என்று நம்பி, குழாய் வெடிக்கும் நிலையில் வருபவர்கள் உண்டு.

தொடர்பவர்கள் 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது ஆரம்ப சுகாதார நிலையம் வழியாக பிக்மி தளத்தில் பெயர் பதியப்படும். முதல் வருகையிலேயே ரத்த வகை, ஹீமோகுளோபின், சர்க்கரை, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, ரத்த அழுத்தம், எடை ஆகியவை பார்க்கப்படும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் கணவரின் வகையையும் கேட்பார்கள். தனியார் மருத்துவமனையில் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பதிவு தேவை. அதில் கிடைக்கும் ஆர்.சி.எச். எண் இருந்தால்தான் பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் தடையின்றிக் கிடைக்கும்.